யார் திரையிலும் வராத வண்டி

'மனிதப் பிழை' என்று எழுதிவிட்டால் எல்லோரும் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம். எங்கள் மேனேஜருக்குத் தமிழில் மிகவும் பிடித்த இரண்டு சொற்கள் அவை. சர்வர் படுத்தாலும் மனிதப் பிழை, மாடியில் தண்ணீர் வராவிட்டாலும் மனிதப் பிழை. ஒருமுறை மழையில் இணையம் போனதற்குக்கூட அப்படி எழுதப் பார்த்தார். அந்த மனிதன் யார் என்று கேட்டேன். "அத நீதாம்பா கண்டுபிடிக்கணும், நீதானே டெஸ்டிங் லீடு" என்றார்.

லீடு என்றதும் எனக்குக் கீழே ஒரு படை இருப்பதாக நினைத்துவிட வேண்டாம். வில்லியனூரில் ஓர் உரக்கடைக்கு மேல்மாடியில் இருந்த எங்கள் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவு என்பது இரண்டு நாற்காலி. ஒன்றில் நான், இன்னொன்றில் சுத்துக்கேணியிலிருந்து ஸ்கூட்டியில் வரும் ஒரு பெண். அவளுக்கு நான் தலைவன். அவள் எனக்குத் தெரிந்தவரை அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

நாங்கள் செய்துகொண்டிருந்தது, டயாலிசிஸ் மையங்கள் சிலவற்றை நடத்தும் ஒரு நிறுவனத்துக்கான செயலி. நோயாளிகளை வீட்டிலிருந்து வேனில் அழைத்துப் போய், ரத்தம் சுத்திகரித்து, திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். முன்பெல்லாம் எந்த வேன் எங்கே போக வேண்டும் என்று மையத்தில் ஒருவர் உட்கார்ந்து டிரைவர்களுக்குப் போன் போட்டுச் சொல்வார். அவரை ஒழித்துக்கட்டுவதற்குப் பெயர் முன்னேற்றம். நோயாளியின் முகவரியைப் பார்த்துச் செயலியே வேனை ஒதுக்கும் புதிய வசதியைச் சனிக்கிழமை சாயங்காலம் லைவில் ஏற்றினோம். மேனேஜர் எல்லோருக்கும் சமோசா வாங்கிக் கொடுத்தார். சமோசா வந்த ரிலீஸ் எதுவும் நன்றாக முடிந்ததாக எனக்கு நினைவில்லை.

திங்கட்கிழமை காலையில் பாகூரைத் தாண்டிய ஒரு கிராமத்திலிருந்து போன். வாடிக்கையாளர் நிறுவனத்தின் உதவி எண்ணுக்குப் பேசிப் பேசிச் சலித்து, யாரிடமோ எங்கள் நம்பரை வாங்கியிருந்தார் ஒருவர். கரும்பு போட்டிருப்பவர். அவருடைய அம்மாவுக்குத்தான் டயாலிசிஸ்.

"ஏம்பா, வண்டி ஒதுக்கியாச்சுன்னு மெசேஜ் வந்துச்சு. விடிஞ்சதுலேர்ந்து பையத் தூக்கி வச்சிகினு வாசல்ல குந்தினு இருந்துச்சு எங்கம்மா. ஒதுக்கி எங்கப்பா வச்சீங்க? ஓரமாவா?"

"டிரைவர் நம்பர் வந்துச்சுங்களா?"

"டிரைவரே வரல, நம்பர் வருதாம் இவுருக்கு. மூச்சு வாங்கிப் போச்சுப்பா அதுக்கு. பக்கத்து வூட்டு கார்ல போட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு இட்டுனு வந்துட்டேன். உள்ள வச்சிருக்காங்க. இன்னா வேல பாக்குறீங்க நீங்கள்லாம்?"

என்ன வேலை பார்க்கிறோம் என்று அவருக்கு விளக்கும் தைரியம் எனக்கு வரவில்லை. வெள்ளிக்கிழமை டயாலிசிஸ் முடிந்தால் அடுத்தது திங்கள். வாரத்தில் அந்த இடைவெளிதான் நீளம். உடம்பில் நீர் ஏறி நிற்கும் நாளில்தான் நாங்கள் வண்டியை ஓரமாக ஒதுக்கியிருந்தோம். அவர் அம்மா மட்டுமில்லை, அந்தப் பக்கத்தில் இன்னும் இரண்டு பேருக்கும் வண்டி போகவில்லை.

எங்கள் புரோகிராமர், அரியூர்ப் பையன், டேட்டாபேஸைத் திறந்து பார்த்தான், இரண்டு மையங்களின் திரைகளையும் பார்த்தான். பிறகு, "டிரிப்பு இருக்குதுண்ணா. ஆனா யாரு ஸ்க்ரீன்லயும் இல்ல" என்றான்.

புரிந்துகொள்ள எளிதான கதைதான். எந்த மையத்தின் வேன் என்பதைச் செயலி பின்கோடைப் பார்த்து முடிவு செய்தது. 605 என்று தொடங்கினால் பாண்டி மையம், 607 என்று தொடங்கினால் கடலூர் மையம். பாகூர்ப் பக்கம் புதுச்சேரி மாநிலம். ஆனால் பின்கோடு 607. ஆகவே அந்த மூன்று பயணங்களும் கடலூருக்குப் போயின. கடலூர் மையத்தின் திரையோ தமிழ்நாட்டு முகவரிகளை மட்டுமே காட்டும்படி செய்யப்பட்டிருந்தது. முகவரியில் 'புதுச்சேரி' என்று சரியாகத்தான் இருந்தது. அதனால் கடலூர் திரை அதைக் காட்டவில்லை. பாண்டித் திரை பாண்டி மையத்துக்கு வந்ததை மட்டும் காட்டும். அதற்கும் இது வேண்டாத பிள்ளை. இத்தனைக்கும் நடுவே, பயணம் ஏதாவது ஒரு மையத்தின் பெயரில் பதிவானவுடனே 'வண்டி ஒதுக்கப்பட்டது' என்று நோயாளிக்குச் செய்தி பறந்துவிடும். டிரைவர் ஒத்துக்கொண்டாரா என்று யாரும் கேட்பதில்லை. பெண் பார்க்கப் போவதற்கு முன்பே பத்திரிகை அடித்த மாதிரி.

அன்று மத்தியானத்துக்குள் அந்தத் தானியங்கி வசதியை நிறுத்தினோம். ஒழித்துக்கட்டிய மனிதரைத் திரும்பக் கூப்பிட்டுப் பழையபடி போன் போடச் சொன்னார்கள். மற்ற இருவரும் சாயங்காலமே மையத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அந்த அம்மாவுக்கு ஆஸ்பத்திரியிலேயே டயாலிசிஸ் செய்தார்கள். பிழைத்துக்கொண்டார். நாங்கள் பிழைப்போமா என்பதுதான் அடுத்த கேள்வி.

வாடிக்கையாளர் நிறுவனத்தில் செயல்பாடுகளுக்குப் பொறுப்பான ஓர் அம்மையார் இருந்தார். இந்தப் பிழை எப்படி லைவ் வரைக்கும் வந்தது, இனி டெஸ்டிங்கில் என்ன மாற்றப் போகிறீர்கள், எழுத்தில் வேண்டும் என்று மெயில் அனுப்பினார். வெள்ளிக்கிழமை கெடு. மேனேஜர் தாமே முதல் வரைவை எழுதினார். அவர் எழுதிய முழு அறிக்கையும் என் நினைவில் இருக்கிறது, ஏனென்றால் அது நான்கு வரி. மூலக் காரணம்: மனிதப் பிழை. டெஸ்டர் இந்தச் சூழலைச் சோதிக்கத் தவறிவிட்டார். நடவடிக்கை: சம்பந்தப்பட்ட டெஸ்டர் மீது நடவடிக்கை எடுக்கப்படும். எதிர்காலத்தில் மேலும் கவனமாகச் சோதிக்கப்படும்.

"சார், 'மேலும் கவனமா'ன்னா எப்பிடி? கண்ண இன்னும் பெருசாத் தொறந்துகினா?"

"எகத்தாளம் பண்ணாதடா. ரிலீஸுக்கு ஓகேன்னு யாரு குடுத்தது? அந்தப் பொண்ணுதானே? மாசக் கடைசில அதோட கான்ட்ராக்ட் வேற முடியுது. புதுப்பிக்கலன்னு சொல்லிட்டா கிளையன்ட்டுக்கும் ஒரு திருப்தி."

"நான் சொல்லித்தானே சார் அது குடுத்துச்சு?"

"அப்ப உன் பேரப் போட்டுடலாமா?"

இந்த இடத்தில் 'போடுங்க சார்' என்று நான் நெஞ்சை நிமிர்த்தியதாக எழுத ஆசைதான். உண்மையில், "நானே நல்லா எழுதித் தர்றேன் சார், வியாழக்கிழம வரிக்கும் டைம் குடுங்க" என்று குழைந்தேன். வீட்டுக் கடன் உள்ளவனின் வீரம் அவ்வளவுதான்.

படிக்கட்டில் அவள் உட்கார்ந்து டப்பாவில் எலுமிச்சம்பழச் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். விஷயம் அவளுக்குத் தெரிந்திருந்தது. எங்கள் அலுவலகத்தில் பிழைகள்தான் வெளியே தெரியாமல் தப்பிக்கும், பேச்சு தப்பிக்காது.

"என்ன தூக்கப் போறாங்களாண்ணா?"

"யாரு சொன்னா?"

"புதுசா ஐடி கார்டு வேணும்னு கேட்டேன். மாசக் கடைசிக்கு மேல பாக்கலாம்னு சார் சிரிக்கிறாரு. அவுரு என்னிக்கு சிரிச்சாரு?" சாதத்தைக் கிளறினாள். "நான் ஓகே குடுத்தது நெசந்தானேண்ணா. எங்கூர்லேர்ந்து பாகூரு எங்கயோ கெடக்குது. அங்க பின்கோடு வேறன்னு எனக்கு எப்பிடித் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

"உங்க வூடு அந்தப் பக்கந்தானே?"

"அதான் சொல்றேன்."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் எலுமிச்சை இருந்தது. எழுந்து டப்பாவைக் கழுவப் போனாள்.

அன்றைக்கே எழுத உட்கார்ந்தேன். முதல் வரைவு மேனேஜருடையதைவிட மோசம். 'ஒரு விரிவான கூட்டுப் பார்வையின் மூலம் கற்றுக்கொண்ட பாடங்கள்' என்று தலைப்பு. உள்ளே எல்லாம் செயப்பாட்டு வினை. சோதிக்கப்பட்டது, கவனிக்கப்படவில்லை, உணரப்பட்டது. யாருமே எதையும் செய்யாத ஓர் அலுவலகத்தில் தாமாகவே காரியங்கள் நடந்து, தாமாகவே கெட்டுப் போயிருந்தன. இரண்டு பக்கம் எழுதிய பிறகு ஒருமுறை படித்துப் பார்த்தேன். வண்டி ஏன் வரவில்லை என்று கேட்ட கரும்புக்காரருக்கு இதைப் படித்துக் காட்டினால் என்ன சொல்வார் என்று யோசித்தேன். அவர் சொல்லக்கூடியதை அச்சில் போட முடியாது. அழித்தேன்.

பிறகு ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டேன். அவள் சோதித்தாளா, இல்லையா? சோதித்திருந்தாள். புதுச்சேரி முகவரி, 605: வண்டி வந்தது. தமிழ்நாட்டு முகவரி, 607: வந்தது. புத்திசாலி, விழுப்புரம் பக்கத்து ஊரான தமிழ்நாட்டு முகவரியில் 605-ம் போட்டுப் பார்த்திருந்தாள்; அதுவும் பாண்டித் திரையில் வந்தது. நான்காவது சேர்க்கையான புதுச்சேரியும் 607-ம் மட்டும் எங்கள் சோதனைத் தரவில் இல்லவே இல்லை. பல வருடமாக அந்தக் கம்பெனியில் வந்து போன எல்லோரும் சேர்த்துவைத்த பொய் நோயாளிகள்தான் அந்தத் தரவு. அவர்களில் புதுச்சேரிக்காரர்கள் அத்தனை பேரும் நகரவாசிகள். அத்தனை பேருக்கும் 605001. இவ்வளவு நோயாளிகள் நிஜமாகவே நகரத்துக்குள் இருந்திருந்தால் கடற்கரையில் நிற்க இடம் இருந்திருக்காது.

இன்னொன்றும் தெரிந்தது. ஒத்திகைக்கு நாங்கள் வைத்திருந்த சர்வரில் நோயாளியின் போனுக்குச் செய்தி வந்ததா என்று பார்ப்பதோடு சோதனை முடிந்தது. டிரைவரின் செயலியை யாரும் திறப்பதில்லை. ஏனென்றால் அதைத் திறக்க இன்னொரு போன் வேண்டும், அந்தப் போன் மேனேஜரின் மேசை இழுப்பறைக்குள், பூட்டி, பத்திரமாக இருந்தது. போன் காணாமல் போய்விடுமாம்.

வியாழக்கிழமை எல்லோரும் மேனேஜர் அறையில் கூடினோம். மேனேஜர், புரோகிராமர், அவள், நான். அவள் கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றாள். நான் அறிக்கையை நீட்டாமல், "சார், ஒரு சின்ன டெஸ்ட். செயலியத் தொறங்க. உங்களையே ஒரு நோயாளியா பதிவு பண்ணுங்க" என்றேன்.

"என்ன எதுக்குடா நோயாளி ஆக்குற?"

"டெஸ்டுதானே சார். பேரு, முகவரி, பின்கோடு. போட்டுட்டுத் திருப்பிக் காட்டுங்க. நீயும் போடுடா தம்பி."

புரோகிராமர் அரியூர். போட்டது: புதுச்சேரி, 605001. மேனேஜர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். திருப்பிக் காட்டினார். புதுச்சேரி, 605001.

"உங்க வூடு எங்க சார்?"

"தெரியாதா உனக்கு? பாகூரு."

"பாகூருக்கு அந்த நம்பரா சார்?"

அவர் திரையைத் திரும்பப் பார்த்தார். "இல்ல... நம்மளுது அறுநூத்தியேழு. ஆனா அதப் போட்டா கூரியர்காரன் பார்சலக் கடலூருக்குக் கொண்டு போயி வச்சுக்கறான்பா. அதனால நம்ம எப்பவும் பாண்டின்னு போட்டுட்டு, போன்ல வழி சொல்லிக்கிறது."

"நானும் அப்பிடித்தான் சார். பொண்ணு பாக்கப் போனப்பகூட பாண்டின்னுதான் சொன்னோம். அப்பறம் எங்க வூட்டப் பாக்க வந்த மாமனாரு பஸ்ஸ வுட்டு எறங்கி, இன்னும் எவ்ளோ தூரம் இன்னும் எவ்ளோ தூரம்னு கேட்டுகினே வந்தாரு."

புரோகிராமர் சிரித்துவிட்டான். "அரியூருன்னா ஆருக்கு சார் தெரியும்? பாண்டின்னாதான் ஒரு கெத்து."

அவள் சுவரைவிட்டு நகராமலே, "நான் சுத்துக்கேணின்னுதான் போடுவேன். போட்டா டெலிவரி இல்லன்னு வரும். அப்பறம் பாண்டி" என்றாள்.

இதுதான் எங்கள் அறிக்கை. உலகத்தில் வேறு எந்த ஊர் டெஸ்டர்களும் இந்தத் தவறைச் செய்திருக்க மாட்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. வெளியூர்க்காரன் ஒருவன் இருந்தால், பாகூர் என்று வரைபடத்தில் பார்த்து அதன் உண்மையான எண்ணைப் போட்டிருப்பான். நாங்கள் இந்த ஊர்க்காரர்கள். எங்களுக்கு ஊர் தெரியும். தெரிந்ததனாலேயே அதை மறைத்துப் பழகியிருந்தோம். படிவத்தைப் பார்த்தால் கை தானாக நகரத்துக்கு ஓடிவிடும். அந்தப் பழக்கத்தை அப்படியே அள்ளி சோதனைத் தரவில் கொட்டி, அதற்கு டெஸ்டிங் என்று பெயர் வைத்திருந்தோம். ஆனால் வண்டிக்காக வாசலில் காத்திருக்கும் அம்மாவால் பொய் முகவரி கொடுக்க முடியாது. அவர் மகன் ரேஷன் கார்டில் உள்ளதை உள்ளபடி போட்டிருந்தார். உண்மையைப் போட்டவருக்குத்தான் வண்டி வரவில்லை.

மேனேஜர் நெடுநேரம் மேசைக் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தார். "இதெல்லாம் கிளையன்ட்டுக்கு எழுத முடியுமாடா? நம்மளப் பத்தி இன்னா நெனப்பாங்க?"

"இந்தப் பொண்ணத் தூக்கிட்டு, மேலும் கவனமா இருப்போம்னு எழுதுனா இன்னா நெனப்பாங்க சார்? அடுத்து வர்ற பொண்ணும் இதே தரவுல இதே டெஸ்ட்டத்தான் பண்ணும். பாண்டி, 605001, ஓகே."

"சரி, என்ன மாத்தணுங்கற?"

இந்தக் கேள்விக்காகத்தான் இரண்டு நாள் காத்திருந்தேன். கேட்டதும் எழுதி வைத்திருந்த தாள்களைப் புரட்ட ஆரம்பித்தேன். நல்லவேளை, அவள் சுவரிலிருந்து வந்துவிட்டாள்.

லைவில் உள்ள நோயாளிகளின் முகவரிகளிலிருந்து பெயர், தெரு, போன் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, மாநிலமும் பின்கோடும் எப்படியெல்லாம் சேர்ந்து வருகின்றன என்று மட்டும் எடுக்க வேண்டும், ஒவ்வொரு சேர்க்கைக்கும் ஒரு சோதனை வேண்டும் என்றாள். மாநில எல்லை நம் ரோட்டில் எத்தனை தடவை குறுக்கே வருகிறது, ஒவ்வொரு தடவையும் ஏதாவது மாறும் என்றாள். ஒத்திகை சர்வரில் இரண்டு மையங்களும் இருக்க வேண்டும். நோயாளிக்குச் செய்தி வந்ததோடு நிற்காமல், டிரைவர் ஏற்றுக்கொள்ளும் வரை பார்த்தால்தான் பாஸ்.

"அதுக்கு இன்னொரு போன் வேணும் சார்" என்று அவர் மேசை இழுப்பறையைப் பார்த்தாள்.

மேனேஜரும் இழுப்பறையைப் பார்த்தார். சொத்தில் பங்கு கேட்ட மாதிரி முகம் சுருங்கியது.

நானும் என் பங்குக்குச் சொன்னேன். டிரைவர் ஏற்பதற்கு முன் செய்தி போகவே கூடாது. அதை மாற்றுவது புரோகிராமரின் வேலை, மாறியதா என்று பார்ப்பது எங்கள் வேலை. எந்த டிரைவரும் ஏற்காமல் நிற்கும் பயணம் இருந்தால் இரண்டு மையங்களிலும் அலறல் வர வேண்டும். டெஸ்டிங் எவ்வளவு செய்தாலும் ஏதோ ஒன்று தப்பும், தப்பியது வாசலில் காத்திருப்பவருக்கு முன்னால் நமக்குத் தெரிய வேண்டும். புதிய வசதி முதலில் ஒரு மையத்தில் மட்டும், பழைய ஆளும் கூடவே போனோடு உட்கார்ந்திருக்க வேண்டும்.

"இவ்ளோ பண்ணா ரிலீஸ் தள்ளிப் போவும்."

"தள்ளிப் போவும் சார்."

"இத எழுதணுமா?"

"அதையும் எழுதணும் சார்."

அவர் ஒரு வாக்கியத்துக்காக மட்டும் கடைசிவரை சண்டை போட்டார். 'மேலும் கவனமாக' வேண்டுமாம். அது இல்லாத அறிக்கை மொட்டையாக இருக்கிறதாம். விட்டுக்கொடுத்தேன். அறிக்கையின் அடியில், யாருக்கும் தீங்கு செய்யாத ஓர் இடத்தில், அது இன்றும் இருக்கும். 'சம்பந்தப்பட்ட டெஸ்டர்' என்ற வரியை மட்டும் விடவில்லை. அதை அழிக்கும்போது மேனேஜர் மௌஸைப் பிடித்த என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார், தம் வீட்டுக் கோழியை நான் அறுப்பதுபோல.

வெள்ளிக்கிழமை அந்த அம்மையார் வீடியோ அழைப்பில் வந்தார். அறிக்கையைப் படித்திருந்தார். நான் எல்லாச் சமாதானத்தையும் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அவர் நேராகக் கேட்டார்:

"ஓகே குடுத்த டெஸ்டர் யாரு?"

மேனேஜர் வாயைத் திறந்தார். அவள் முந்திக்கொண்டாள். "நாந்தாங்க மேடம்."

"டிரைவர் ஆப்பையும் பாக்கணும்னு அப்ப யாராவது உங்ககிட்ட சொன்னாங்களா?"

"இல்லிங்க மேடம். கேட்டேன். போன் பூட்டி இருக்குன்னாங்க."

மேனேஜர் தம் மேசை இழுப்பறைச் சாவியைச் சட்டைப் பைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளினார்.

"அந்தத் தரவை யார் தயார் பண்ணப் போறாங்க?" என்றார் அம்மையார்.

"இந்தப் பொண்ணுதான் மேடம்" என்றேன்.

"அப்ப அது முடியற வரைக்கும் இவங்கதான் ஓகே குடுக்கணும். வேற ஆள் குடுத்தா நாங்க லைவ் ஏத்த மாட்டோம். இதை எழுத்துல அனுப்புங்க."

அழைப்பு முடிந்ததும் மேனேஜர் எழுந்து, ஜன்னலைத் திறந்து, மூடி, திரும்ப உட்கார்ந்தார். "கான்ட்ராக்ட் பேப்பர் எங்கடா வச்ச?" என்றார் என்னிடம். அது அவருடைய கணினியில்தான் இருந்தது. திருத்தப்பட்ட தேதியோடு திங்கட்கிழமை அவள் கையெழுத்துப் போட்டாள். புதிய அடையாள அட்டையில் அவள் முகம் சிரிக்கவில்லை. அட்டை போட்டோவில் யார்தான் சிரிக்கிறார்கள்!

கரும்புக்காரருக்கு நானே போன் போட்டு மன்னிப்புக் கேட்டேன். அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாராம். "இனிமே வண்டி வருமா, இல்ல மறுபடியும் மெசேஜ் மட்டுந்தான் வருமா?" என்றார். டிரைவர் ஒத்துக்கொண்ட பிறகுதான் மெசேஜ் வரும் என்றேன். "வந்தா சொல்றேன்" என்று வைத்துவிட்டார். எங்களைப் பற்றி இதுவரை சொல்லப்பட்டவற்றில் மிகவும் நியாயமான மதிப்பீடு அதுதான்.

திருத்திய ரிலீஸ் தயாரான நாளில் மேனேஜர் சமோசாவுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். அவள் இரண்டு போன்களையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பாகூர் முகவரி ஒன்றைப் போட்டாள். டிரைவர் போனில் பயணம் வந்தது. ஏற்காமல் அப்படியே விட்டாள். பாண்டி மையத்தின் திரை அலறியது. கடலூர் மையத்தின் திரை சும்மா இருந்தது.

"ஃபெயிலு" என்றாள்.

"ஒரு ஸ்க்ரீன்ல வந்துடுச்சேம்மா" என்றார் மேனேஜர். "சின்ன விஷயம். திங்கக்கெழம பாத்துக்கலாம். நீயாவது சொல்லுடா."

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் என் பக்கம் திரும்பினாள். "ரெண்டு எடத்துலயும் வரணும்னு எழுதுனது நீங்கதானண்ணா?"

எழுதியது நான்தான். அவசரத்தில் எழுதிய வரி, அழகுக்காகப் போட்டதும்கூட. அதை ஒருத்தி நிஜமாகவே சோதிப்பாள் என்று எதிர்பார்க்கவில்லை.

"ஃபெயிலுதான் சார்" என்றேன்.

அன்றைக்கு ரிலீஸ் இல்லை. சமோசாவைக் கீழே உரக்கடைக்காரருக்குக் கொடுத்து அனுப்பினார் மேனேஜர்.